மஞ்சளை அழிக்காமல் விட்டதற்கு நன்றி

கும்பகோணத்தில் நீர்வண்ணத்தில் உருவப்படம் வரையும் ஓர் ஓவியருக்குத் தை மாதம் கல்யாணமான ஒரு திருநெல்வேலிப் பெண் கடிதம் எழுதியிருக்கிறார். கல்யாணத்தில் எடுத்த போட்டோ ஒன்றை அனுப்பி, அதைப் பார்த்துத் தன்னையும் கணவரையும் வரைந்து தரச் சொன்னவர் அவர். படம் கைக்கு வந்து நான்கு நாள் கழித்து எழுதிய நன்றிக் கடிதம் இது. இருவரும் பெயர் வேண்டாம் என்றார்கள். கடிதத்தைப் போடச் சம்மதித்தார்கள்.

“அன்புள்ள அக்காவுக்கு, படம் திங்கட்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தது. மடங்கல், கசங்கல் ஒன்றும் இல்லை. பிரித்ததும் ஆச்சிதான் முதலில் பார்த்தாள். ‘இதுதாம்ளா நம்ம பிள்ள’ என்றாள். ஆல்பம் வந்த அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை.

என் மூக்கை என் மூக்காகவே வரைந்ததற்கு நன்றி. அந்தப் போட்டோவில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான். நலங்கு மஞ்சள் கன்னத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஆல்பத்தில் அதைத் துடைத்துவிட்டார்கள், நீங்கள் அழிக்காமல் விட்டிருக்கிறீர்கள். என் நிறத்தையும் வெளுக்க வைக்கவில்லை. அம்மா கூறைப் புடவையை எடுத்துவந்து படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். மடிப்பில் பச்சை அடிக்கிறது பார் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஒன்று மட்டும் சொல்லட்டுமா? இவருக்குக் காதோரம் நாலைந்து நரைமுடி உண்டு. படத்தில் அது இல்லை. அவருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் கொஞ்சம் குறை.

இந்தப் படத்தை நீங்கள் மற்றவர்களுக்குக் காட்டிக்கொள்ளலாம், பெயர் மட்டும் போடாதீர்கள். சட்டம் போட்டு எங்கே மாட்டலாம் என்றும் சொல்லுங்கள். எங்கள் வீட்டு ஹாலில் சாயங்கால வெயில் விழுகிற சுவர்தான் காலியாக இருக்கிறது.”

இந்த ஓவியருக்குப் பாராட்டு புதிதில்லை. படத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் ‘சூப்பர்’ என்றோ ‘தத்ரூபம்’ என்றோ ஒரு வரி அனுப்புவார்கள். அதில் அவருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் கடிதத்தை வண்ணக் குழாய்கள் வைக்கும் இழுப்பறையிலேயே வைத்திருக்கிறார். தான் எங்கெங்கே நின்று யோசித்தாரோ அந்த இடத்தையெல்லாம் இந்தப் பெண் தொட்டிருக்கிறார் என்கிறார். போட்டோவைப் பார்த்து வரைவது என்றால் போட்டோவில் இருப்பதை அப்படியே தாளில் இறக்குவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இறக்கினால் என்ன ஆகும் என்பதை மூக்கிலிருந்தே தொடங்கலாம்.

மணப்பெண் அனுப்பிய போட்டோ கல்யாண போட்டோகிராபர் எடுத்ததில்லை. தாலி கட்டி முடிந்த கையோடு சித்தி மகள் மணவறை மீது ஏறி, கைப்பேசியை நீட்டி எடுத்தது. இருவரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். ஆல்பத்தில் அந்த மாதிரிச் சிரிப்பு ஒரு பக்கத்தில்கூட இல்லை. அதனால்தான் அந்தப் பெண் இதைத் தேர்ந்தெடுத்தார். சிக்கல் என்னவென்றால் கைப்பேசிக்கும் முகத்துக்கும் இடையே ஒன்றரை அடி தூரம்தான் இருந்திருக்கிறது.

மூக்கு நுனியிலிருந்து காது வரை சுமார் 12 சென்டிமீட்டர். ஆறடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு இந்த 12 சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. மூக்கும் காதும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதாகவே தெரியும். ஒன்றரை அடியிலோ, மூக்கைவிடக் காது கேமராவிலிருந்து கால் பங்குக்கு மேல் தள்ளி இருக்கிறது. கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். எனவே மூக்கு பருத்து, காது ஒடுங்கி, கன்னங்கள் பின்னால் சரிந்து விழுகின்றன. முகத்தைச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்கான அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2018-ல் இதைக் கணக்கிட்டே காட்டினார்கள். 5 அடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், ஓரடி தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது. செல்ஃபியைப் பார்த்து மூக்கைத் திருத்திக்கொள்ள வருகிறவர்களுக்காகச் செய்த கணக்கு அது.

நம்மை நேசிக்கிறவர்கள் நம் முகத்தை ஓரடியிலிருந்து பார்ப்பதில்லை. சாப்பாட்டுப் பந்தியில் எதிரே உட்கார்ந்தும், வாசலில் நின்றும், அடுப்படியிலிருந்து திரும்பியும் பார்க்கிறார்கள். ஆச்சி மனத்தில் இருக்கும் பேத்தியின் முகம் ஐந்தாறடி தள்ளி நின்று பார்த்த முகம். ஓவியர் அந்தத் தூரத்துக்கு முகத்தைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

இதற்காக அவர் இன்னொரு போட்டோ கேட்டு வாங்கினார். நகை, அலங்காரம் எதுவும் வேண்டாம்; ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, ஆறடி தள்ளி நின்று யாராவது எடுத்தால் போதும். சிரிப்பு முதல் போட்டோவிலிருந்து, அளவு இரண்டாவது போட்டோவிலிருந்து. படம் ஏ3 தாளில். அதில் மணப்பெண்ணின் முகம் நெற்றி மேலிருந்து மோவாய் வரை 7 சென்டிமீட்டர். இவ்வளவு சிறிய முகத்தில் மூக்குக்கு அவர் செய்த திருத்தம் இரண்டு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும்.

மூக்கை மட்டும் ஒடுக்கினால் வேலை முடியாது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். புதிதாக வரைகிறவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். மூக்கைச் சிறிதாக்கிவிட்டு மற்றதைப் போட்டோவில் உள்ளபடி விட்டால், அழகான வேறொரு பெண் வந்து நிற்பாள். தூரம் மாறினால் முகம் முழுக்க மாறும்: ஒளிந்திருந்த காது வெளியே வர வேண்டும், கன்னத்தின் பக்கவாட்டு விரிய வேண்டும், ஜிமிக்கி தொங்கும் இடமும் அதோடு சேர்ந்து தள்ளிப்போகும். பென்சில் கோடு முடிந்ததும் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார், பிறகு கண்ணாடியில் காட்டிப் பார்த்தார். மணிக்கணக்காக ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் கோணல் கண்ணுக்குப் பழகிவிடும். கண்ணாடியில் இடம் வலமாக மாறியதும் பழகின கோணல் சட்டென்று வெளியே தெரியும். இந்தப் படத்தில் வலது கண் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது அப்படித்தான் தெரிந்தது. வண்ணம் வைக்கும் முன் தெரிந்ததால் அழித்து வரைய முடிந்தது. நீர்வண்ணம் ஒருமுறை தாளில் ஊறிவிட்டால் அவ்வளவு எளிதில் எடுக்க வராது.

அடுத்து மஞ்சள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கல்யாண மண்டபத்தில் எடுத்த எந்தப் போட்டோவிலும் முகம் மஞ்சளாகத்தான் இருக்கும். சீரியல் பல்பு, குத்துவிளக்கு, ஹோமத் தீ, வீடியோக்காரரின் போகஸ் லைட் எல்லாம் சேர்ந்து ஒரு சாயம் பூசிவிடும். போட்டோவைத் திருத்துகிறவர் முதல் வேலையாக அந்த மஞ்சளை எடுப்பார். இந்த ஓவியரும் எடுக்கத்தான் நினைத்தார். ஆனால் கன்னத்தின் ஓரத்திலும் காதுக்கு முன்னாலும் இருந்த மஞ்சள் மட்டும் சற்று அடர்த்தியாக, திட்டுத் திட்டாகப் பட்டது. இது வெளிச்சத்தின் மஞ்சளா, பூசின மஞ்சளா?

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. போட்டோவில் உண்மையிலேயே வெள்ளையாக இருக்க வேண்டிய பொருள் எது என்று தேட வேண்டும். அதுவும் மஞ்சளாக இருந்தால் குற்றம் வெளிச்சத்தினுடையது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை நம்ப முடியாது, அது நெய்யும்போதே வெண்ணெய் நிறம். மல்லிகைப் பூவும் முகூர்த்த நேரத்துக்குள் கொஞ்சம் பழுத்துவிடும். கண்ணின் வெள்ளையைப் பார்த்தார். பின்னால் நின்ற வீடியோக்காரரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே மாதிரி இளமஞ்சள் இருந்தது. அந்த அளவு மஞ்சளை மனத்துக்குள் கழித்துவிட்டு மறுபடி கன்னத்தைப் பார்த்தார். அப்போதும் அங்கே மஞ்சள் மிச்சம் இருந்தது. உடனே மணப்பெண்ணுக்குப் போன் போட்டார்.

“நலங்கு வெச்சது முழுசாப் போகலையாம்மா?”

“ஆமாக்கா, அத்தை தேச்சுவிட்டாங்க, ரெண்டு நாளாப் போகவே இல்ல. வேணும்னா எடுத்துருங்க.”

எடுக்கவில்லை. வீடியோக்காரரை எடுத்துவிட்டார், சீரியல் பல்பை எடுத்துவிட்டார், மஞ்சளை விட்டார். ஆல்பம் செய்தவருக்கு இது கறை. ஓவியருக்கோ அந்த ஒரு நாளில் அந்தப் பெண்ணின் முகத்தில் மட்டும் இருந்த நிறம்.

நிறம் என்று வந்துவிட்டால் ஆல்பத்தின் மற்றொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மாநிறமும் கறுப்பும் உள்ள மணப்பெண்களை வெளுக்க வைத்துத் தருவது நம் ஊரில் கேட்காமலே நடக்கிற சேவை. இதில் முகம் கெட்டுப்போவது எப்படி என்பதை ஓவியர்கள் நன்றாக அறிவார்கள். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் கன்ன மேட்டிலும் விழும் மினுமினுப்பு எல்லாத் தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் கறுத்த தோலில் சுற்றியுள்ள நிறம் ஆழமாக இருப்பதால் அந்த மினுப்பு எடுப்பாகத் தெரிகிறது. முகத்தின் மேடு பள்ளத்தை அதுதான் காட்டுகிறது. கணினியில் தோலை வெளுக்கச் செய்தால் மினுப்புக்கும் தோலுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, முகம் தட்டையாகிவிடும். ஆச்சி ஆல்பத்தைப் பார்த்து வாய் திறக்காததற்கு வெறும் நிறம் மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். முகத்தின் வடிவமே அதில் தொலைந்திருக்கும்.

இந்த முகத்துக்கு ஓவியர் கறுப்பு வண்ணத்தைத் தொடவே இல்லை. மஞ்சட்காவி, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம் மூன்றும்தான் அடிப்படை. முதலில் தண்ணீர் நிறையச் சேர்த்து மஞ்சட்காவியும் செம்பழுப்பும் கலந்த இளம்பூச்சு. நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு, பிறகு அடுத்தது. நீர்வண்ணம் ஈரத்தில் காட்டும் நிறம் காய்ந்தால் நிற்காது, ஒரு படி வெளிறும். அதனால் கறுத்த தோலை ஒரே பூச்சில் பிடிக்க முயன்றால் வண்ணம் கெட்டியாகி மண் அப்பினதுபோல் ஆகிவிடும். ஐந்தாறு மெல்லிய பூச்சுகளாக ஏற்றினால் அடியில் இருக்கும் தாளின் வெளிச்சம் மேலே வந்துகொண்டே இருக்கும். காயும் முன் அவசரப்பட்டு மேலே ஈரத் தூரிகையை வைத்தால் தண்ணீர் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் காலிபிளவர் மாதிரி ஒரு விளிம்பு கட்டும். முகத்தில் அது விழுந்தால் பெரும்பாலும் புதுத் தாளை எடுக்க வேண்டியதுதான். மோவாய்க்கு அடியிலுள்ள நிழலில் நீலத்தைக் கொஞ்சம் கூட்டினார். கழுத்தில் கிடந்த ஆரத்திலிருந்து தோலின் மேல் எகிறும் பொன்னொளிக்கு அதே மஞ்சட்காவி போதுமானதாக இருந்தது. நகைக்கும் தங்க வண்ணம் வாங்குவதில்லை என்றார். மினுமினுக்கும் அந்தப் பூச்சு நேராகப் பார்த்தால் ஒரு நிறம், பக்கவாட்டில் பார்த்தால் வேறு நிறம் காட்டும். மஞ்சட்காவி, அதை ஒட்டி அடர்பழுப்பு, நடுவில் தாளின் வெள்ளையை அப்படியே விட்ட ஒரு புள்ளி, தங்கம் வந்துவிடும்.

புடவை மயில்கழுத்து. ஒரே நிறத்தில் நெய்த பட்டில்லை இது. பாவு நூல் நீலமும் ஊடு நூல் பச்சையும் என்று இரண்டு நிறத்தில் ஓடும். நேராகப் பார்த்தால் ஒன்று, மடிப்பு திரும்பும் இடத்தில் மற்றொன்று மேலே வரும். கேமராவின் பளிச்சு வெளிச்சம் நேர் முன்னாலிருந்து அடித்ததால் போட்டோவில் புடவை முழுக்க வெறும் நீலமாகவே விழுந்திருந்தது. போட்டோவை மட்டும் பார்த்து வரைந்திருந்தால் அந்தப் பெண்ணின் அம்மா கடையில் உட்கார்ந்து தேடியெடுத்த புடவை படத்தில் இருந்திருக்காது.

ஓவியர் கேட்டது ரவிக்கை தைத்ததில் மிஞ்சிய துண்டுத் துணி. இரண்டு விரல் அகலத் துணி தபாலில் வந்தது. அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சுருட்டியும் மடித்தும் எந்தக் கோணத்தில் பச்சை எழும்புகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். படத்தில் மடிப்பின் முதுகில் நீலம், அது வளைந்து உள்ளே போகும் சரிவில் பச்சை, பள்ளத்தில் இரண்டும் சேர்ந்த கருமை. நீலத்தையும் பச்சையையும் தட்டில் கலந்து பூசினால் பாசி நிறம் வரும், பட்டு வராது. அதனால் ஒன்று காய்ந்த பிறகு ஒன்றாக, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புடவைக்கு மட்டும் இரண்டு நாள் ஆனதாம்.

கரை ராணி பிங்க். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் ஓப்பரா என்ற பெயரில் விற்கும் இளஞ்சிவப்பு அந்த நிறத்துக்கு அச்சாகப் பொருந்தும், ஆசை காட்டும். அதன் பளபளப்பு ஒளிரும் சாயத்தால் வருவது. அந்தச் சாயம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துப்போகும். அச்சிட்டுவிட்டு மூலத்தை உள்ளே வைக்கும் பத்திரிகைப் படத்துக்குப் பரவாயில்லை, சுவரில் ஆண்டுக்கணக்காகத் தொங்கும் படத்துக்கு ஆகாது. ஓவியர் குவினாக்ரிடோன் வகை ரோஸைப் பயன்படுத்தினார். பளிச்சென்ற தன்மை கொஞ்சம் குறைவு, வெளிச்சத்தைத் தாங்கும் சக்தி எவ்வளவோ கூடுதல்.

கடிதத்தில் ‘மற்றவர்களுக்குக் காட்டிக்கொள்ளலாம்’ என்ற வரியை அந்தப் பெண் பெருந்தன்மையாக எழுதியிருக்கிறார். அது வெறும் பெருந்தன்மை மட்டுமில்லை, சட்டப்படி ஓவியருக்குத் தேவையான வரி. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வரையச் சொன்ன உருவப்படத்துக்கும் முதல் உரிமையாளர் சொன்னவர்தான், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத வரை. வரைந்தவர் தன் பெயரைக் கோரும் உரிமை 57-ஆம் பிரிவில் இருக்கிறது. படத்தைப் படி எடுத்து நாட்காட்டியிலோ விளம்பரத்திலோ போடும் உரிமை இல்லை. பல ஓவியர்களுக்கே இது தெரியாது. கல்யாண போட்டோகிராபரிடம் கையெழுத்துப் போட்ட தாளில் ‘படங்களின் உரிமை எங்களுடையது’ என்று ஒரு வரி இருந்தால் நிலைமை மாறும், அதனால் ஆல்பப் போட்டோவைக் கொடுத்து வரையச் சொல்லும் முன் அந்தத் தாளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. இங்கே அந்தச் சிக்கல் எழவில்லை. எடுத்தது சித்தி மகள். அவள் கேட்டது படத்தின் ஒரு நகல் மட்டும்.

நரைமுடிக் குறைக்கு வருவோம். ஓவியர் அதை ஒப்புக்கொண்டார். கைப்பேசி கேமரா குறைந்த வெளிச்சத்தில் எடுக்கும்போது படத்தில் விழும் புள்ளிகளைத் தானாகவே வழித்து மென்மையாக்கிவிடும். அந்த வழிப்பில் முதலில் காணாமல் போவது மெல்லிய தனி முடிகள்தான். மணப்பெண்ணிடம் பகல் வெளிச்சப் போட்டோ கேட்டவர், மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை. அவர் முகம் பாதி பக்கவாட்டில் இருந்ததால் அளவுக்குத் தேவைப்படவில்லை. நரை அதனால் தப்பிவிட்டது.

சேர்க்க முடியுமா என்றால் முடியும். நீர்வண்ணத்தில் கறுத்த முடியின் மேல் வெள்ளையை ஏற்றுவதற்கு குவாஷ் என்ற மறைக்கும் தன்மையுள்ள வெள்ளை உண்டு. அதில் துளி நீலம் தொட்டு, மிக மெல்லிய தூரிகையால், காதிலிருந்து பின்னோக்கி முடி போகும் போக்கிலேயே நாலைந்து கோடு. தூய வெள்ளையாக வைத்தால் நரைமுடி போல இருக்காது, தாளில் கீறல் விழுந்ததுபோல் தெரியும். வேலை அரை மணி நேரம்தான். ஆனால் படம் கண்ணாடிக்குள் போய்விட்டால் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

அதனால் ஓவியர் எழுதிய பதிலில் மாட்டும் விஷயமும் நரைமுடி விஷயமும் சேர்ந்தே வந்தன. சாயங்கால வெயில் விழும் சுவர் வேண்டவே வேண்டாம், பல வண்ணங்கள் நேர் வெயிலைத் தாங்காது. அறைக்குள் போகும் வழியில் ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவர் ஏதாவது இருந்தால் பாருங்கள். மழைக்காலத்தில் வெளியிலிருந்து ஈரம் இறங்கும் சுவரையும் தவிருங்கள், பருத்தித் தாள் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். சட்டம் போடுகிறவரிடம் தாளும் கண்ணாடியும் ஒட்டாதபடி நடுவில் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள், பின்னால் செலோடேப் ஒட்ட விடாதீர்கள், சில வருடத்தில் பழுத்துக் கறை ஊறும். ஆனால் இப்போதைக்குச் சட்டமே போட வேண்டாம். சித்திரையில் நவக்கிரகக் கோயில்களுக்கு வருவதாகச் சொன்னீர்களே, அப்போது படத்தை வந்தது போலவே அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்காரரையும் ஜன்னலோரம் உட்காரச் சொல்ல வேண்டும், எத்தனை முடி என்று எண்ணியே வைக்கிறேன்.